படத்துக்குள் இருக்கும் முகவரியும் படம் அடைக்கும் இடமும்

கைபேசியில் எடுக்கும் படக்கோப்பில் கண்ணுக்குத் தெரியும் காட்சி மட்டும் இருப்பதில்லை. எந்தக் கேமரா, எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு வெளிச்சம் என்ற விவரங்களையும் கேமரா அதிலேயே எழுதிவிடுகிறது. எக்ஸிஃப் எனப்படும் இந்தக் குறிப்பு முறை 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. கேமரா செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கூடவே பதிவாகும். திறந்தவெளியில் கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் கண்டுகொள்ளும். எனவே வீட்டு வாசலில் எடுத்த படம், தெருவோடு நில்லாமல் ஏறக்குறைய வீட்டையே காட்டிக்கொடுக்கும்.

2012 டிசம்பரில் இப்படித்தான் ஒருவரின் மறைவிடம் வெளியானது. வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபியை, அண்டைவீட்டுக்காரரின் கொலை தொடர்பாக விசாரிக்க பெலீஸ் நாட்டுக் காவல்துறை தேடிக்கொண்டிருந்தது. தலைமறைவாக இருந்த அவரோடு ‘வைஸ்’ இதழின் செய்தியாளர்கள் பயணம் செய்தார்கள். அப்போது ஐபோனில் எடுத்த படம் ஒன்று, உள்ளிருந்த குறிப்புகள் நீக்கப்படாமலே இதழின் இணையதளத்தில் வெளியானது. அதைத் திறந்து பார்த்தவர்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் கண்டுகொண்டார்கள். அடுத்த சில நாள்களிலேயே, சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்ததற்காக அங்கே அவர் கைது செய்யப்பட்டார்.

இருப்பிடம் படத்தோடு போகுமா என்பது அனுப்பும் வழியைப் பொறுத்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், செயலி படத்தைச் சுருக்கிப் புதிதாக எழுதும். அதில் இருப்பிடக் குறிப்பு விழுந்துவிடும். படம் தெளிவாகப் போய்ச்சேர வேண்டும் என்று அதையே டாக்குமென்ட்டாக அனுப்பினால், மூலக்கோப்பு அப்படியே போகும். இருப்பிடமும் உடன் போகும். மின்னஞ்சல் இணைப்புக்கும் இது பொருந்தும். விற்பனைக்குள்ள பொருளின் படத்தையோ குழந்தையின் படத்தையோ முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

ஐபோனில் படத்தைப் பகிரும் திரையின் மேற்பகுதியில் உள்ள Options-ஐத் தொட்டு, Location-ஐ அணைத்துவிட்டு அனுப்பலாம். அனுப்பும் பிரதியில்தான் இருப்பிடம் நீங்கும். கைபேசியில் உள்ள மூலப்படத்தில் அது அப்படியே இருக்கும். விண்டோஸ் கணினியில் கோப்பின் Properties-இல் Details பகுதிக்குப் போய், Remove Properties and Personal Information என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். GPS என்ற தலைப்பில் எண்கள் இருக்கின்றனவா என்று அதே Details பகுதியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இருப்பிடம் பதிவாகவே வேண்டாம் என்றால், கைபேசியின் அமைப்புகளில் கேமரா செயலிக்குக் கொடுத்த இருப்பிட அனுமதியை நீக்கிவிட வேண்டும். அதன்பின் எடுக்கும் படங்களில் மட்டுமே அது பலன் தரும். ஆனால் காட்சியிலேயே விழுந்திருக்கும் கதவு எண்ணையும் கடைப் பலகையையும் இந்த வழிகள் எதுவும் மறைக்காது.

கோப்பு சேமிப்பகத்தில் எவ்வளவு இடம் அடைக்கும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது ரெசல்யூஷன். 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கும். இதுதான் 12 மெகாபிக்சல். 50 மெகாபிக்சல் சென்சார் கொண்ட பல கைபேசிகள், அருகருகே உள்ள நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 12 மெகாபிக்சல் படத்தையே வழக்கமாகத் தருகின்றன. இதனால் மங்கிய வெளிச்சத்திலும் படத்தில் புள்ளிபுள்ளியான இரைச்சல் குறைகிறது. 50 மெகாபிக்சல் முறையை நாமாகத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பலன் பெரும்பாலும் கிடைக்காது, கோப்பும் பெருத்துவிடும்.

12 மெகாபிக்சல் படம் 4 எம்பி என்றும் 50 மெகாபிக்சல் படம் 15 எம்பி என்றும் வைத்துக்கொண்டால், 10 ஜிபி காலியிடத்தில் முதல் வகையில் 2,500 படங்கள் அடங்கும். இரண்டாம் வகையில் 670 கூட அடங்காது. கூடுதல் புள்ளிகள் திரையில் பார்ப்பதற்கு உதவுவதில்லை. முழு எச்டி திரையில் இருப்பதே சுமார் 20 லட்சம் புள்ளிகள்தான். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிடவும் 9 மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவாகவே போதும். பெரிய பதாகை அச்சிடுவதற்கும், பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தின் ஒரு சிறு மூலையை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்குவதற்கும் 50 மெகாபிக்சல் பயன்படும்.

இடத்தை மிச்சப்படுத்த 16:9 வடிவத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலான கைபேசிச் சென்சார்கள் 4:3 வடிவத்தில் இருப்பதால், அப்படி எடுக்கும்போது காட்சியின் மேலும் கீழுமாகக் கால்பங்கு வெட்டுப்படுகிறது. அதை மீட்கவும் முடியாது. அதைவிட, 12 மெகாபிக்சலிலும் 4:3-இலும் வைத்துக்கொண்டு, ஹெச்இஐசி வகைக் கோப்பாகச் சேமிப்பது நல்லது. ஏறக்குறைய அதே தரத்தில், ஜேபெக் கோப்பு அடைக்கும் இடத்தில் சுமார் பாதியே அதற்குப் போதும். பழைய கணினிகள் சிலவற்றில் அது திறக்காது என்பதால், பிறருக்கு அனுப்பும்போது மட்டும் ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம்.