‘பூர்த்தியாகிறது’ என்று எழுதும் முன்

அரசு டெண்டரில் விலை கூடிப்போய் வேலை கைநழுவினால் மனம் ஆறிவிடும். விலை உறையைப் பிரிக்காமலேயே ஒதுக்கிவிட்டார்கள் என்றால் எளிதில் ஆறாது. இரண்டு உறை முறையில், தொழில்நுட்ப உறையில் தேறியவர்களின் விலையை மட்டுமே பிரிப்பார்கள். அந்த முதல் உறையில் சிறு நிறுவனங்கள் அடிக்கடி சறுக்குவது இரண்டு தாள்களில். ஒன்று, கேட்ட நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் நம் பதிலைச் சொல்லும் கம்ப்ளையன்ஸ் அறிக்கை. மற்றொன்று, இணைப்புகளின் பட்டியல்.

ஒரு பேரூராட்சி குடிநீருக்காக நீர்மூழ்கி மோட்டார் பம்புகள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7.5 குதிரைத்திறன், 60 மீட்டர் உயரத்துக்கு நொடிக்கு 4 லிட்டர் தண்ணீர் ஏற்ற வேண்டும், ஐ.எஸ். 8034 தர முத்திரை வேண்டும். விண்ணப்பிக்கும் நிறுவனம் எல்லா வரிசையிலும் ‘பூர்த்தியாகிறது’ என்று ஒரே சொல்லை நிரப்பி அனுப்புகிறது. கூடவே தன் பம்பின் விவரக் கையேட்டையும் வைக்கிறது. அதன் முகப்பில் ‘உயரம்: 30 முதல் 72 மீட்டர் வரை’ என்று பெரிதாக அச்சாகியிருக்கிறது. 72 மீட்டர் ஏற்றும் பம்புக்கு 60 மீட்டர் ஒரு பொருட்டா என்று விற்பனையாளர் நினைத்திருக்கலாம்.

மதிப்பீடு செய்யும் பொறியாளர் முகப்போடு நிற்கமாட்டார். உள்ளே இருக்கும் அட்டவணையில் 60 மீட்டருக்கு நேரே எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார். உயரம் கூடக்கூட பம்பு தரும் தண்ணீர் குறையும். அந்த இடத்தில் 3.1 லிட்டர் என்று இருந்தால், நிறுவனம் தன் கையேட்டாலேயே தன் கூற்றை மறுத்துவிட்டது. நல்ல பம்பாகவே இருக்கலாம். ஆனால் கேட்டது அந்தப் பம்பு அல்ல.

‘பூர்த்தியாகிறது’ என்பது பதிலே ஆகாது என்பேன். ‘60 மீட்டரில் நொடிக்கு 4.2 லிட்டர், மாடலின் பெயர் இது, கையேட்டின் அட்டவணை, பக்கம் 27’ என்று எழுதுவதுதான் பதில். இப்படி எண்ணைத் தேடி எழுதும்போதே நம் பொருள் தேறுமா என்பது நமக்கே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு நிபந்தனையில் நம் பொருள் மாறுபட்டால், அதற்கென உள்ள விலகல் பத்தியில் அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்காக நிராகரிக்கப்பட்டால் ஒரு டெண்டரோடு போகும். பொய்யான உறுதிமொழி என்று முடிவானால் அடுத்து வரும் டெண்டர்களிலும் கலந்துகொள்ள முடியாத தடை வரக்கூடும்.

அடுத்து இணைப்புப் பட்டியல். ‘தரச் சான்று – இணைக்கப்பட்டுள்ளது’ என்ற வரி எதையும் சொல்வதில்லை. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் உரிமத்தில் முதல் பக்கம் உரிமம் இருப்பதை மட்டும் காட்டும். எந்தெந்த மாடல்களுக்கு அது செல்லும் என்பது பின்னால் வரும் பட்டியலில் இருக்கும்; எதுவரை செல்லும் என்பது புதுப்பித்த கடிதத்தில் இருக்கும். அவசரத்தில் முதல் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றினால், நாம் தரும் மாடல் உரிமத்துக்குள் வருகிறது என்பதற்கு அந்த உறையில் சாட்சியே இல்லை. ‘இணைப்பு 6: உரிம நகல், எண், செல்லுபடியாகும் நாள், மாடல் பட்டியலுடன், பக்கம் 31 முதல் 34 வரை’ என்று எழுதினால், நாலு பக்கம் இருக்கிறதா என்று நாமே எண்ணிப் பார்ப்போம்.

விடுபட்டதைப் பிறகு தரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய அரசின் கொள்முதல் கையேடு, டெண்டர் திறந்த நாளுக்கு முன்பே இருந்து, அதன்பின் மாறாத ஆவணங்களை மட்டும் கேட்டுப் பெற இடம் தருகிறது. அதுவும் அதிகாரி கேட்டால்தான். நம் உரிமை அல்ல. முந்தைய வேலையின் நிறைவுச் சான்று அதில் அடங்கலாம். டெண்டர் திறந்த பிறகு வாங்கிய உரிமம் அடங்காது.

நீதிமன்றமும் எல்லாப் பிழையையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. வாரணாசி டீசல் என்ஜின் தொழிற்சாலையின் டெண்டர் ஒன்றில், முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ கேட்டிருந்தார்கள். போடார் ஸ்டீல் நிறுவனம் யூனியன் வங்கியின் காசோலையைக் கொடுத்தது. வங்கியே அதற்குப் பணம் தர உறுதியளித்திருந்தது. அதைத் தொழிற்சாலை ஏற்றது சரிதான் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகுதிக்கான அடிப்படை நிபந்தனைகள் வேறு, அவற்றுக்குத் துணையான நிபந்தனைகள் வேறு. முன்னதைக் கண்டிப்பாக அமல்படுத்த வேண்டும், பின்னதில் தளர்வு காட்டலாம் என்று பிரித்தது. பம்பின் நீரளவும் தர உரிமமும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் தளர்வை எதிர்பார்த்து டெண்டர் போடக் கூடாது.

கடைசி நாளுக்கு முந்தைய நாளே உறையைத் தயாராக்கிவிடுங்கள். அதைத் தயாரிக்காத ஒருவரிடம் இரண்டு தாள்களையும் கொடுத்து, எழுதியிருக்கும் ஒவ்வொரு பக்க எண்ணையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் தேடிக் கண்டுபிடிக்க முடியாததை மதிப்பீட்டுக் குழுவும் கண்டுபிடிக்காது.