ஈரல் சுருங்கினால் சிறுநீரகம் ஏன் முடங்குகிறது?

ஈரல் சுருக்கம் முற்றியவருக்குக் கிரியேட்டினின் 0.9லிருந்து 2.1க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல நேரம் சிறுநீரகத்தில் கோளாறே இருக்காது. அதற்கு ரத்தம் போதுவதில்லை. குடலைச் சுற்றிய ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கே தங்கிவிட, அழுத்தத்தைக் காக்க உடல் சிறுநீரகக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. வயிற்று நீரில் தொற்றோ, கடையில் வாங்கிய வலி மாத்திரையோ போதும், நிலைமை கவிழ.

மருத்துவமனையில் நீர் மாத்திரையை நிறுத்துவார்கள். வயிற்று நீரை ஊசியால் எடுத்துத் தொற்றைச் சோதிப்பார்கள். ஆல்புமின் ஏற்றியும் கிரியேட்டினின் இறங்காவிட்டால், தளர்ந்த குழாய்களை இறுக்கும் டெர்லிப்ரெசின் கொடுப்பார்கள். மூச்சுத்திணறல் வருகிறதா என்ற கண்காணிப்பு கட்டாயம். நிலையான தீர்வு ஈரல் மாற்று சிகிச்சைதான்.

சிறுநீர் குறைவது, வயிறு வேகமாகப் பெருப்பது, காய்ச்சல், பகலில் தூங்கி இரவில் விழிப்பது, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர் வரவில்லையே என்று நீர் மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள்.