விலை எழுதாத ஒரு மிக்ஸி

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பில் போடும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பொருளும் பெயர், வகை, விலை என்று ஓர் அட்டவணையில் பதிவாகியிருக்கிறது. மிக்ஸி மூன்று: 2,800, 4,500, 6,200 ரூபாய். கிரைண்டர் இரண்டு: 5,900, 7,400. குக்கர் இரண்டு: 1,900, 3,100. "எல்லா மிக்ஸியையும் விட விலை கூடின சாமான் நம்ம கடையில என்ன இருக்கு?" என்று முதலாளி கேட்கிறார்.

ஏழு பொருள்தான் என்றால் கண்ணால் பார்த்தே 7,400 ரூபாய் கிரைண்டர் என்று சொல்லிவிடலாம். ஏழாயிரம் பொருள் இருந்தால் கம்ப்யூட்டரைத்தான் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கென்றே 1970-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வடிவமைத்த மொழிதான் எஸ்.கியூ.எல். முதலாளியின் கேள்வி அதில் இப்படி இருக்கும்:

```
SELECT name, price FROM items
WHERE price > ALL
  (SELECT price FROM items
   WHERE category = 'Mixie');
```

அடைப்புக்குறிக்குள் இருப்பது கேள்விக்குள் ஒரு கேள்வி. அது முதலில் மிக்ஸி விலைகளைத் திரட்டித் தருகிறது: 2,800, 4,500, 6,200. பிறகு கடையிலுள்ள ஒவ்வொரு பொருளும் இந்த மூன்று விலைகளோடும் மோத வேண்டும். ஒன்றில் தோற்றாலும் வெளியேதான். 5,900 ரூபாய் கிரைண்டர் முதல் இரண்டையும் தாண்டி, 6,200-இடம் தோற்றுவிடுகிறது. 7,400 மட்டும் மூன்றையும் வெல்கிறது.

`ALL` என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் `>` மட்டும் போட்டால் என்ன ஆகும்? ஒரு விலையை மூன்று விலைகளோடு எப்படி ஒப்பிடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மைஸ்கியூல் என்றால் `Subquery returns more than 1 row` என்று சொல்லி நின்றுவிடும். இது நல்ல தவறு. உடனே கண்ணில் படும், உடனே திருத்திவிடலாம்.

`ALL` இருந்த இடத்தில் `ANY` போட்டால் விதி தளர்கிறது. மூன்றில் ஏதாவது ஒன்றை வென்றால் போதும். மிகக் குறைந்த மிக்ஸி விலையான 2,800-ஐத் தாண்டிய பொருளெல்லாம் பட்டியலில் ஏறிவிடும். 3,100 ரூபாய் குக்கர், இரண்டு கிரைண்டர், கூடவே 4,500, 6,200 ரூபாய் மிக்ஸிகள் என ஐந்து பொருள் வரும். மிக்ஸியைவிட விலை கூடியது எது என்று கேட்டால் மிக்ஸியே வந்து நிற்கிறதே என்று தோன்றும். கணக்கு சரிதான், அவை மலிவான மிக்ஸியைவிட விலை கூடியவை. மிக்ஸி வேண்டாம் என்றால் `AND category <> 'Mixie'` என்று வெளிக்கேள்வியில் தனியாகச் சொல்ல வேண்டும்.

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். எல்லா மிக்ஸியையும் விட அதிகம் என்றால், மிக விலை கூடிய மிக்ஸியைவிட அதிகம் என்றுதானே பொருள்? `> (SELECT MAX(price) …)` என்று எழுதிவிட்டால் என்ன? பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எல்லா விலையும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும்வரை இரண்டும் ஒரே விடையைத் தரும். பதிவு ஒழுங்காக இல்லாத நாளில்தான் இரண்டும் பிரிகின்றன.

புது மிக்ஸி ஒன்று வந்து இறங்குகிறது. பெயரையும் வகையையும் பதிந்துவிட்டார்கள். விலை இன்னும் முடிவாகவில்லை. அந்தக் கட்டம் காலி. காலியான இடத்தை எஸ்.கியூ.எல். `NULL` என்கிறது. அது பூஜ்யம் இல்லை. தெரியவில்லை என்று அர்த்தம். இப்போது முதலாளியின் கேள்வியை மறுபடி ஓட்டினால் ஒரு பொருள்கூட வராது. 7,400 ரூபாய் கிரைண்டரும் காணாமல் போயிருக்கும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது.

காரணம் இதுதான். 7,400 மூன்று விலைகளை வென்றுவிட்டது. நான்காவதோடு ஒப்பிட்டால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. புது மிக்ஸியின் விலை 8,000 ஆகவும் இருக்கலாம் அல்லவா? எஸ்.கியூ.எல்-இல் ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று விடைகள் உண்டு. ஆனால் `WHERE` ஆம் என்ற வரிகளை மட்டும்தான் உள்ளே விடும். இல்லை என்பதும் தெரியாது என்பதும் திரையில் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் தெரியும். `MAX` இந்த வம்பில் மாட்டாது. காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாமல், தெரிந்த விலைகளில் பெரியதான 6,200-ஐ எடுத்துக்கொண்டு கிரைண்டரைக் காட்டிவிடும். `ANY`-க்கும் பாதிப்பில்லை; ஒரு வெற்றி கிடைத்தாலே அதற்குப் போதும், அதே ஐந்து பொருள் வரும்.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. `'Mixie'` என்பதை `'Mixy'` என்று தவறாக அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வகையே கடையில் இல்லை. உள்கேள்வி தருவது காலிப் பட்டியல். இப்போது `> ALL` கடையிலுள்ள எல்லாப் பொருளையும் கொட்டிவிடும், 1,900 ரூபாய் குக்கர் உட்பட. விலையே எழுதாத அந்தப் புது மிக்ஸியும் அதில் இருக்கும். மோதுவதற்கு எதிரியே இல்லை என்றால் யாரும் தோற்கவில்லை என்பது தர்க்கம். `ANY`-க்கோ ஒரு வெற்றியாவது வேண்டும். எதிரி இல்லாததால் ஒன்றும் வராது. `MAX`-உம் காலிப் பட்டியலில் `NULL` தந்துவிடும், அங்கேயும் ஒன்றும் வராது.

ஆகவே `> ALL` எழுதியவர்கள் இரண்டு அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். விடையே வரவில்லை என்றால் உள்ளே எங்கோ விலை இல்லாத வரி இருக்கலாம். எல்லாமே வந்துவிட்டால் உள்கேள்வி காலியாக இருக்கலாம். இரண்டுக்கும் சோதனை ஒன்றுதான். அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் தனியே எடுத்து ஓட்டிப் பாருங்கள். காலிக் கட்டம் தெரிந்தால், அந்தப் பொருளை ஒதுக்கிவிடுவதில் முதலாளிக்கு ஆட்சேபம் இல்லை என்ற பட்சத்தில், உள்ளே `AND price IS NOT NULL` சேர்க்கலாம்.

`<>` குறியோடு சேரும்போது `ANY` இன்னொரு வகையில் ஏமாற்றும். மிக்ஸியும் குக்கரும் தள்ளுபடியில் இருக்கின்றன, மற்றவை வேண்டும் என்று நினைத்து `category <> ANY` என்று எழுதி, உள்கேள்வி அந்த இரண்டு வகையையும் தந்தால், கடை முழுவதும் வந்துவிடும். மிக்ஸி குக்கரிலிருந்து வேறு. குக்கர் மிக்ஸியிலிருந்து வேறு. ஏதாவது ஒன்றிலிருந்து வேறுபட்டால் போதும் என்றால் எல்லாமே தேறிவிடும். இங்கே வேண்டியது `<> ALL`. `NOT IN` என்று எழுதுவதும் அதுவேதான். அதுபோல `= ANY` என்பதும் `IN` என்பதும் ஒன்று.

மைஸ்கியூல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்.கியூ.எல். சர்வர் எல்லாவற்றிலும் இந்த இரண்டு சொற்களும் வேலை செய்யும். செல்போன் செயலிகளில் அதிகம் புழங்கும் எஸ்கியூலைட்டில் இவை இல்லை. அங்கே `MAX`, `MIN` கொண்டு சமாளிக்கலாம்.

எதைப் பயன்படுத்தலாம்? விலை தெரிந்த மிக்ஸிகளை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் போதும் என்றால் `MAX` போதும். ஒரு மிக்ஸியின் விலை தெரியாவிட்டாலும் பதில் சொல்லக் கூடாது என்றால் `ALL`-தான் சரி. எது வேண்டும் என்பதை முதலாளியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.