எட்டு அங்குல நடராஜர்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன சோழர் கால நடராஜர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். 11ஆம் நூற்றாண்டு வெண்கலம். பதிவு எண் 1987.80.1. அவருடைய அளவை அருங்காட்சியகம் இப்படிக் குறித்திருக்கிறது:

```
H. 26 7/8 in. (68.3 cm); Diam. 22 1/4 in. (56.5 cm)
```

உயரம் இருபத்தாறே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், திருவாசியின் விட்டம் இருபத்திரண்டே கால் அங்குலம். மனிதர் யாரும் இதைத் தவறாகப் படிக்கமாட்டார்கள். கணினியிடம் கொடுத்தால், முதல் முயற்சியில் அநேகமாக நடராஜரின் உயரம் 8 அங்குலம் என்று சொல்லிவிடும்.

2017 பிப்ரவரியில் இந்த அருங்காட்சியகம் தன் சேகரிப்பின் விவரப் பட்டியலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. `MetObjects.csv` என்ற அந்தக் கோப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் வரிசை வரிசையாக உள்ளன. பெயர், காலம், மூலப்பொருள் எல்லாம் தனித்தனிப் பத்தியில் இருக்க, நீளம், அகலம், எடை மட்டும் `Dimensions` என்ற ஒரே பத்தியில் வாக்கியமாகக் கிடக்கின்றன. ‘ஒரு அடிக்கு மேல் உயரமுள்ள வெண்கலங்களைக் காட்டு’ என்று கேட்க வேண்டுமானால், முதலில் இந்த வாக்கியங்களிலிருந்து எண்களைப் பிரித்தெடுக்க வேண்டும்.

அதற்கான கருவிதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். நிரலாளர்கள் செல்லமாக ‘ரெஜெக்ஸ்’ என்பார்கள். ‘இந்த வடிவத்தில் எழுத்துகள் எங்கே வந்தாலும் பிடித்துக் கொடு’ என்று கணினிக்குச் சொல்லும் சுருக்கக் குறிப்பு அது. `\d` என்றால் ஓர் இலக்கம். `+` என்றால் அதுவே ஒன்றோ பலவோ. `\s*` என்றால் இடைவெளி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். புதிதாக வருபவர் எழுதும் வாய்ப்பாடு பெரும்பாலும் இதுதான்:

```
(\d+)\s*in\.
```

அதாவது, ஓர் எண், அதன்பின் `in.` என்ற அலகு. நடராஜரின் வரியில் `in.` என்பதற்கு முன்னால் ஒட்டி நிற்கும் எண் எது? `7/8` என்ற பின்னத்தின் கீழே இருக்கும் 8. கணினி சொன்னதைச் செய்தது. 8 அங்குலம் வந்தது. அதே பட்டியலில் `Diam. 11/16 in. (1.7 cm)` என்று ஓர் அமெரிக்கத் தங்க நாணயம் இருக்கிறது. இந்த வாய்ப்பாட்டின் கணக்கில் அது 16 அங்குலம், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய காசு.

பின்னத்தையும் எதிர்பார்க்கச் சொன்னால் சரியாகிவிடும்:

```
((?:\d+\s+)?\d+/\d+|\d+(?:\.\d+)?)\s*in\.
```

நடுவில் இருக்கும் `|` குறிக்கு ‘அல்லது’ என்று பொருள். முதலில் ‘முழு எண், இடைவெளி, பின்னம்’ என்ற வடிவத்தைத் தேடு, முழு எண் இல்லாமல் பின்னம் மட்டும் இருந்தாலும் சரி. இரண்டும் இல்லையென்றால் சாதாரண எண்ணையோ தசமத்தையோ எடுத்துக்கொள் என்கிறது இது. இப்போது `26 7/8` முழுதாகக் கையில் வரும். 7ஐ 8ஆல் வகுத்து 26உடன் கூட்டினால் 26.875.

இத்தோடு முடிவதில்லை. டெலவேர் ஆற்றை வாஷிங்டன் கடக்கும் புகழ்பெற்ற ஓவியத்தின் அளவு `149 x 255 in. (378.5 x 647.7 cm)`. இரண்டு எண்ணுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஓர் அலகு. மேலே உள்ள வாய்ப்பாடு 255ஐ மட்டும் பிடித்து, 149ஐ விட்டுவிடும். ஆகவே `x` போட்டு இணைந்த எண்களை மொத்தமாகப் பிடித்துப் பிறகு உடைக்க வேண்டும். அந்த `x` சில சமயம் ஆங்கில எழுத்தாக இருக்கும், சில சமயம் `×` என்ற பெருக்கல் குறியாக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு.

எண்கள் வந்துவிட்டன. அவை சரியா என்று எப்படித் தெரியும்? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது எல்லை வைப்பது: பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது, 5 மீட்டருக்கு மேலே போகக்கூடாது. இதன் பலவீனம் உடனே வெளிப்பட்டுவிடுகிறது. வாஷிங்டன் ஓவியம் உண்மையாகவே ஆறரை மீட்டர் அகலம். இந்த விதி அதைப் பிழை என்று தள்ளிவிடும். 8 அங்குல நடராஜரையோ அது கேள்வி கேட்காமல் உள்ளே விடும், ஏனென்றால் 8 அங்குலத்தில் வெண்கலச் சிலை இருப்பது இயல்பானது. நம்பும்படியான தவறு எந்த எல்லைக்கோட்டிலும் சிக்காது.

நல்லவேளையாக, இந்த வரிகளிலேயே ஒரு சாட்சி இருக்கிறது: அடைப்புக்குறிக்குள் உள்ள சென்டிமீட்டர். அதைத் தனியாகப் பிடித்து, அங்குலத்தை 2.54ஆல் பெருக்கி ஒப்பிட்டால் போதும். 26.875 அங்குலம் என்றால் 68.26 செ.மீ.; பதிவில் 68.3. பொருந்துகிறது. 8 அங்குலம் என்றால் 20.3 செ.மீ.; 48 செ.மீ. உதைக்கிறது. அகப்பட்டது பிழை. எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை முழுமைப்படுத்தி எழுதும் வழக்கம் இருப்பதால், கால் சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் கொடி காட்ட வேண்டும்.

வித்தியாசம் எவ்வளவு என்பதை விட, எத்தனை மடங்கு என்று பார்ப்பது இன்னும் சுவையானது. இரண்டு அளவும் சரியாகப் பத்து மடங்கு விலகினால் தசமப்புள்ளி விழுந்திருக்கும், அல்லது மில்லிமீட்டரை யாரோ சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு மடங்கு என்றால் அடியும் அங்குலமும் குழம்பியிருக்கின்றன. பெரிய எண் அங்குலத்திலும் சிறிய எண் சென்டிமீட்டரிலும் நின்றால் அலகுகள் இடம் மாறியிருக்கின்றன. பின்னத்தின் கீழே 2, 4, 8, 16, 32 என்பவற்றைத் தவிர வேறு எண் வந்தாலும் சந்தேகப்படலாம். அங்குல அளவுகோலில் வேறு கோடுகள் அரிது.

எடையில் வேறொரு பொறி. ஒரு வெள்ளிக் கோப்பைக்கு `12 oz. 8 dwt. (385.7 g)` என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த `oz.` மளிகைக்கடை அவுன்ஸ் அல்ல, 31.1035 கிராம் கொண்ட ட்ராய் அவுன்ஸ். `dwt.` என்பது பென்னிவெயிட், அதாவது ட்ராய் அவுன்ஸில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே 12.4 ட்ராய் அவுன்ஸ், 385.7 கிராம். சாதாரண அவுன்ஸ் என்று நினைத்து 28.35ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். ஒரே ஒரு பதிவில் இது யார் கண்ணிலும் படாது. வெள்ளிச் சாமான்கள் எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்தால், தவறு பதிவுகளில் அல்ல, அலகைப் புரிந்துகொண்டதில்தான் என்று தெரிந்துவிடும்.

உண்மையாகவே ‘இருக்கவே முடியாத’ எண்ணை அடையாளம் காண இயற்பியல் கைகொடுக்கிறது. வெள்ளி, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10.5 கிராம். கோப்பை 10 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலம், 8 செ.மீ. ஆழம் என்றால், அது அடங்கும் பெட்டி முழுவதையும் வெள்ளியால் வார்த்தாலும் 6.7 கிலோதான். 38 கிலோ என்று வந்தால் அளவோ எடையோ கட்டாயம் தவறு.

பிழை என்று தெரிந்ததும் எண்ணைத் திருத்தி எழுதிவிடத் தோன்றும். அனுபவசாலிகள் அதைச் செய்வதில்லை. மூல வாக்கியத்தைத் தொடாமல் வைத்து, பிரித்த எண்ணைப் பக்கத்தில் எழுதி, மூன்றாவது பத்தியில் ‘பொருந்துகிறது’, ‘முரண்’, ‘சாட்சி இல்லை’ என்று குறிப்பார்கள். `Dimensions unavailable` என்ற வரிக்கு 0 போடாமல் காலியாக விடுவார்கள். 0 போட்டால் சராசரி கெட்டுவிடும்.

மிஞ்சுவது ஒன்று. அருங்காட்சியகப் பணியாளர் அளவுநாடாவையே தவறாகப் படித்து, அந்தத் தவறான அங்குலத்தைச் சரியாகச் சென்டிமீட்டராக்கி எழுதியிருந்தால், இரண்டு சாட்சிகளும் ஒத்த குரலில் பொய் சொல்லும். அப்போது அதே வகைப் பொருள்களோடு ஒப்பிட்டு, நாணயங்களுக்கு நடுவே 17 செ.மீ. நாணயம் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கலாம். அதிலும் பிடிபடாததைக் கண்டுபிடிக்க, யாராவது கிடங்குக்குப் போய் மறுபடி அளந்துதான் பார்க்க வேண்டும்.