அறுபது வினாடிக் காத்திருப்பு: சர்வர் ஓய்வாக இருந்தும் தளம் திறக்காதது ஏன்?

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் காலை. தைப்பிங்கில் ஒரு மாணவி கைப்பேசியில் முடிவுத் தளத்தைத் திறக்கிறாள். திரையில் வருவது `502 Bad Gateway`. பக்கத்தில் இருக்கும் தோழிக்கோ அதே நேரத்தில் முடிவு வந்துவிடுகிறது. "சர்வர் தாங்கவில்லை" என்று நாம் சொல்லிவிடுவோம். ஆனால் சில சமயம் சர்வர் கணினி பாதி வேலைகூட இல்லாமல் சும்மா இருக்கும். அப்படியானால் தீர்ந்துபோனது எது?

ஒரு கற்பனைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு கணினிகள். முன்வாசலில் நின்று எல்லாருடைய கோரிக்கையையும் வாங்குவது பிராக்சி. உள்ளே இருந்து முடிவைத் தேடிக் கொடுப்பது செயலி சர்வர். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பிராக்சி உள்ளே ஒரு புதிய இணைப்பைத் திறந்து, பதிலை வாங்கியதும் மூடிவிடுகிறது.

ஓர் இணைப்பை அடையாளம் காட்டுபவை நான்கு: இரு கணினிகளின் முகவரிகள், இரு பக்கத்துப் போர்ட் எண்கள். வெளியிலிருந்து வரும் மாணவர்களின் முகவரிகள் பலவாக இருப்பதால் அங்கே எண்களுக்குப் பஞ்சமில்லை. உள்ளே நிலைமை வேறு. பிராக்சியின் முகவரி ஒன்றே, செயலி சர்வரின் முகவரி ஒன்றே, அதன் போர்ட்டும் 8080 என்று நிலையானது. மாறக்கூடியது பிராக்சி பக்கத்துத் தற்காலிகப் போர்ட் எண் மட்டுமே. லினக்ஸ் வழக்கமாக இதற்கு 32768 முதல் 60999 வரை ஒதுக்குகிறது. அதாவது 28,232 எண்கள்.

இணைப்பை மூடியவுடன் அந்த எண் திரும்பக் கிடைத்துவிடாதா? கிடைக்காது. ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துப் பாருங்கள். 12ஆம் எண் அட்டையைக் கொடுத்துவிட்டு ஒருவர் எழுந்து போகிறார். அதே அட்டையை உடனே அடுத்தவருக்குக் கொடுத்தால், முன்னவர் கேட்ட தே தாரிக் தாமதமாக வந்து புதியவரின் மேசையில் இறங்கிவிடும். இணையத்திலும் தரவுப் பொட்டலங்கள் வழியில் சுணங்கித் தாமதமாக வருவதுண்டு. அதோடு, "மூடிவிட்டேன்" என்பதற்கான கடைசி ஒப்புதல் வழியில் தொலைந்தால், அதை மறுபடி அனுப்ப ஒருவர் இருக்க வேண்டும். அதனால் முதலில் மூடிய பக்கம், அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கிறது. இந்த நிலைக்குப் பெயர் `TIME_WAIT`. லினக்ஸில் இது 60 வினாடி.

இனிக் கணக்கு எளிது. நமது தளத்தில் முதலில் மூடுவது பிராக்சி. வினாடிக்கு 400 கோரிக்கை வந்தால், 400 × 60 = 24,000 எண்கள் காத்திருப்பில் இருக்கும். சமாளிக்கலாம். 500 வந்தால் 30,000 எண்கள் வேண்டும். இருப்பதோ 28,232. ஏறக்குறைய 56 வினாடி எல்லாம் சரியாக நடக்கும். பிறகு எண்கள் தீர்ந்து, கோரிக்கைகள் தோற்கும். 60ஆவது வினாடியில் பழைய எண்கள் விடுபடத் தொடங்க, தளம் மீண்டும் வேலை செய்யும். தோழிக்குக் கிடைத்து மாணவிக்குக் கிடைக்காத காரணம் இதுதான்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? பிராக்சியாக இயங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளின் பதிவேட்டில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
connect() to 10.0.0.5:8080 failed (99: Cannot assign requested address)
```

செயலி சர்வர் மறுக்கவில்லை. கொடுக்கப் பிராக்சியிடம் எண் இல்லை என்பதே இதன் பொருள். காத்திருப்பில் உள்ளவற்றை எண்ண ஒரு கட்டளை உண்டு:

```
ss -tan state time-wait | wc -l
```

விடை 28,000ஐ நெருங்கினால் ஐயமே வேண்டாம்.

காத்திருப்பையே குறுக்கிவிடலாமே என்று தோன்றும். முன்பு லினக்ஸில் `tcp_tw_recycle` என்ற குறுக்குவழி இருந்தது. ஆனால் ஒரே வைஃபை வழியாகப் பலர் வரும்போது அது சிலருடைய இணைப்பைத் தவறாகத் தள்ளிவிட்டது. 2017இல் வெளியான 4.12 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள்.

நல்ல தீர்வு, இணைப்பை மூடாமல் வைத்து மறுபடி பயன்படுத்துவது. ஒரு கோரிக்கைக்கு 0.05 வினாடி ஆகிறது என்றால், 500 × 0.05 = 25. ஒரே நேரத்தில் சராசரியாக 25 இணைப்புகளே வேலையில் இருக்கும். கூட்டம் கூடிக் குறைவதற்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திறந்து வைத்தால் போதும். 30,000 எண்கள் கேட்ட அதே வேலை, சில பத்து எண்களில் முடிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டு விண்டோஸ் கணினியிலும் இதைப் பார்க்கலாம். சில தளங்களைத் திறந்து மூடிவிட்டு, கட்டளைத் திரையில் `netstat -an` என்று தட்டுங்கள். `TIME_WAIT` என்று முடியும் வரிகள் தென்பட்டால், அவை உங்கள் கணினி இன்னும் திருப்பி வாங்காத எண் அட்டைகள். சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த வரிகள் மறைந்திருக்கும்.