முகம் மாறினால் சாம்பல் ஏன்?

சண்டைக் காட்சியில் டூப்பின் உடலில் நாயகனின் முகத்தை ஒட்டும்போது, தாடையோரம் சாம்பல் பூத்ததுபோல் ஒரு திட்டு தெரியும். காரணம் பெரும்பாலும் நிறத்தைக் கறுப்பால் குறைப்பதுதான்.

நாயகனின் கன்னம் கணினியில் சிவப்பு 220, பச்சை 175, நீலம் 150 என்று வைத்துக்கொள்வோம். டூப் மாநிறம். வெளிச்சத்தைப் பாதியாக்கினால் 110, 88, 75 வரும். டூப்பின் கழுத்தோ 130, 85, 58. வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒட்டிய முகத்தில் சிவப்பு குறைவு, நீலம் அதிகம். அதுதான் சாம்பல். மாநிறம் என்பது வெள்ளைத் தோலில் நிழல் விழுந்த நிறமல்ல. ஆகவே முதலில் வெளிச்சத்தைப் பொருத்தி, பிறகு சிவப்பையும் மஞ்சளையும் தனியாகக் கூட்ட வேண்டும்.

எந்த இடத்து நிறத்தைப் பொருத்துவது? முகம் முழுவதன் சராசரியை எடுத்தால் உதட்டுச்சாயமும் தாடியும் கணக்கில் புகுந்து கன்னத்தைக் கெடுக்கும். அவற்றை விலக்கிவிட்டு, நெற்றியையும் கன்னத்தையும் மட்டும் எடுங்கள். டூப்பின் முகத்தில் மேக்கப் இருந்து கழுத்தில் இல்லையென்றால், ஒட்டும் விளிம்பையொட்டிய தோலே அளவுகோல்.

விளிம்பை மங்கலாக்கித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. நிறம் பொருந்தாமல் மங்கலாக்கினால் திட்டு அகலமாகும், அவ்வளவுதான்.

முடித்ததும் படத்தின் நிறச்செறிவைத் தாறுமாறாகக் கூட்டிப் பாருங்கள். மறைந்திருந்த திட்டு அப்போது வெளுத்துத் தெரியும்.