பெரிய ஆர்டரும் இரண்டு விதப் பணமும்

கோயம்புத்தூரில் சிஎன்சி இயந்திரங்கள் வைத்து வாகன உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 2.4 கோடி ரூபாய். வங்கியில் 48 லட்சம் சிசி லிமிட் இருக்கிறது. அதில் 38 லட்சம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், மீதி 10 லட்சம். இந்தக் கூடத்துக்கு ஒரு பெரிய வாகன நிறுவனத்திடமிருந்து 60 லட்சத்துக்கு ஆர்டர் கிடைக்கிறது. மாதம் 20 லட்சம் வீதம் மூன்று லாட். சரக்கை ஏற்றுக்கொண்ட 45-ஆம் நாள் பணம்.

ஆர்டர் கையில் வந்ததும் பலரும் சொல்வது இதுதான்: “பெரிய பார்ட்டி, பில்லை டிஸ்கவுண்ட் பண்ணிப் பணம் எடுத்துக்கலாம்.” எடுக்கலாம்தான். ஆனால் பில் என்ற ஒன்று பிறந்த பிறகே எடுக்க முடியும். இரும்பு வாங்கும் நாளில் பில் இல்லை, சம்பளம் போடும் நாளிலும் இல்லை. ஆர்டர் தாளை வைத்து எந்தத் தளத்திலும் பில் டிஸ்கவுண்ட் செய்ய முடியாது. சரக்கு கிளம்பும் வரைக்குமான பணம் நடைமுறை மூலதனக் கடனிலிருந்தோ கைக்காசிலிருந்தோ வரவேண்டும். கிளம்பிய பிறகு காத்திருக்கும் காலத்துக்குத்தான் டிஸ்கவுண்ட்.

ஒரு லாட்டுக்கு மெட்டீரியல் 12 லட்சம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 14.16 லட்சம். கூலி, மின்சாரம், வெளியே கொடுக்கும் ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் எல்லாம் ஒரு 4 லட்சம். ஆகச் சரக்கு வாசலைத் தாண்டும் முன் 18.16 லட்சம் செலவு. 30-ஆம் நாள் முதல் லாட் போகிறது. வாங்குபவரின் ஸ்டோரில் எண்ணி, ஆய்வு செய்து, ஏற்றுக்கொண்டதாகப் பதிய ஒரு வாரம். அதிலிருந்து 45 நாள். முதல் ரூபாய் வருவது 82-ஆம் நாள். அதற்குள் இரண்டாம் லாட்டும் போய்விட்டது, மூன்றாம் லாட்டுக்கான செலவும் ஏறத்தாழ முடிந்துவிட்டது. போதாததற்கு, பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். மெட்டீரியலில் கட்டிய வரியைக் கழித்தாலும் லாட்டுக்கு 1.44 லட்சம். எல்லாம் கூட்டினால் 57 லட்சத்துக்கு மேல் வெளியே நிற்கும். கையிலோ 10 லட்சம்.

இப்போது டிஸ்கவுண்டைச் சேர்த்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2014-இல் வழிகாட்டுதல் வகுத்த ட்ரெட்ஸ் ஏற்பாட்டில் ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற தளங்கள் இயங்குகின்றன. உத்யம் பதிவு உள்ள சிறு தொழில் தன் பில்லை அதில் ஏற்றும். வாங்கிய நிறுவனம் “இது என் கடன்தான்” என்று தளத்திலேயே ஒப்புக்கொள்ளும். உடனே வங்கிகள் வட்டி விகிதம் சொல்லிப் போட்டியிடும். குறைந்ததை ஏற்றால் ஓரிரு நாளில் பணம் கணக்கில் விழும். தவணை நாளில் வங்கி தன் பணத்தை வாங்கிய நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளும். அது கட்டத் தவறினாலும் நம்மிடம் திரும்பி வராது. வட்டி நம் நிலையைப் பார்த்து அல்ல, வாங்குபவரின் நிலையைப் பார்த்து வைக்கப்படுவதால், பெரிய நிறுவனத்தின் பில்லுக்குச் சிசியை விடக் குறைவாகவே இருக்கும். வரியோடு 23.6 லட்சம் பில்லுக்கு 43 நாளைக்கு 9 சதவீதம் என்று வைத்தால் சுமார் 25 ஆயிரம் ரூபாய். அதே பணம் சிசியில் 11.5 சதவீதம் என்றால் 32 ஆயிரம். தளத்தின் கட்டணம் தனி. வட்டியில் மிச்சமாகும் ஏழாயிரத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம். 82-ஆம் நாள் வரவேண்டிய பணம் 39-ஆம் நாளே வருகிறது, அதுதான் லாபம்.

ஆனாலும் அந்த 39 நாள் நம்முடையது. முதல் லாட் போன மறுநாளே இரண்டாவதுக்கு மெட்டீரியல் இறக்கினால் வெளியே நிற்கும் தொகை 32 லட்சத்தைத் தாண்டும். லாட்டுக்கு லாட் 40 நாள் இடைவெளி வேண்டும் என்று ஆர்டர் பேசும்போதே கேட்டுவிட்டால், முதல் பில்லின் பணம் இரண்டாம் லாட்டின் மெட்டீரியலை வாங்கிக்கொள்ளும். உச்சத் தேவை 18 லட்சத்தோடு நின்றுவிடும். என்னைக் கேட்டால், விலையில் ஒரு சதவீதம் பேரம் பேசுவதை விட இந்தப் பத்து நாளைப் பேசி வாங்குவது மேல்.

அந்த 18 லட்சத்துக்குக் கையில் இருப்பது 10. மீதிக்கு வங்கிக்குத்தான் போகவேண்டும். நாயக் குழு முறைப்படி, சிறு தொழிலுக்கு வரும் ஆண்டு எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் நடைமுறை மூலதனமாகக் கிடைக்கும். இந்த ஆர்டரைக் காட்டி விற்பனை மதிப்பீட்டை 3 கோடியாக்கினால் லிமிட் 60 லட்சமாகும், 12 லட்சம் கூடும். லிமிட்டை உயர்த்தச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், ஆர்டர் தாள் வந்த அன்றே மனு போட வேண்டும். அதுவரை தாங்க, தற்காலிகமாகக் கூடுதல் தொகை தரும் அட்ஹாக் லிமிட் கேட்கலாம். லிமிட் உயர்ந்தாலும் முழுத்தொகையும் வங்கிப் பணமாக இருக்காது. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில், பணம் கொடுத்து வாங்கிய சரக்கின் மதிப்பில் வழக்கமாகக் கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்ற டிராயிங் பவரைப் போடுவார்கள். ஆக 18 லட்சத்தில் நாலரை லட்சம் சொந்தப் பணம்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போது ஒரு சிக்கல் எழும். நமக்கு வரவேண்டிய பில்கள் எல்லாம் ஏற்கெனவே சிசி வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றை வேறு வங்கிக்கு டிஸ்கவுண்ட் செய்யும் முன் சிசி வங்கியிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். செய்த பிறகு அந்தப் பில்லை ஸ்டேட்மென்ட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் கடன் வாங்கியதாகும். ஆடிட்டில் அது தெரியவந்தால், வங்கி நம் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும்.

எடுத்துவிட்டால் டிராயிங் பவர் குறையும். 23.6 லட்சம் பில் போனால், அதில் முக்கால் பங்கான 17.7 லட்சம் அளவுக்கு எடுக்கும் தகுதி போகும். சரக்கும் பில்லும் நிறைய இருந்து, லிமிட்தான் இடிக்கிறது என்றால் இது உறைக்காது; வந்த பணம் முழுக்க நமக்குப் பயன்படும். டிராயிங் பவரே லிமிட்டுக்குக் கீழே இருந்தால், டிஸ்கவுண்டில் உண்மையில் கூடுதலாகக் கிடைப்பது ஆறு லட்சத்துக்கும் குறைவு. நம் கணக்கு இதில் எந்த வகை என்பதைக் கடைசி மூன்று ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாமே வாங்குபவரின் ஒப்புதலில் தொங்குகிறது. 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்கள் ட்ரெட்ஸில் பதிய வேண்டும் என்பது இப்போதைய விதி. ஆனால் பதிவு செய்திருப்பது வேறு, பில்லை ஒப்புக்கொள்வது வேறு. எந்தத் தளத்தில் இருக்கிறார்கள், சரக்கு வந்து எத்தனை நாளில் ஒப்புவார்கள் என்று அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கேளுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே சப்ளை செய்யும் இன்னொருவரையும் கேளுங்கள். லாட் ஆய்வில் தள்ளுபடியானால் டிஸ்கவுண்டும் இல்லை, சிசி வட்டி மட்டும் ஓடும். அதனால் முதல் லாட்டுக்கு முன் மாதிரி உருப்படிகளுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வது பணத்துக்கான ஏற்பாட்டில் ஒரு பகுதி.

ட்ரெட்ஸுக்கு வெளியே வங்கியே நேராகப் பில் டிஸ்கவுண்ட் செய்து கொடுப்பதும் உண்டு. அதில் பெரும்பாலும் பார்ட்டி கட்டாவிட்டால் நம்மிடமே திருப்பி வாங்குவார்கள். அது வேறு பெயரில் இன்னொரு கடன்தான். வாங்குபவர் ட்ரெட்ஸுக்கு வரவே மாட்டார் என்று தெரிந்தால், மெட்டீரியலுக்கு முன்பணமோ, மெட்டீரியலை அவரே தந்து நாம் கூலிக்கு மட்டும் செய்வதோ பேச வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் 60 லட்சம் ஆர்டரில் இப்போதைக்கு ஒரு லாட் மட்டும் ஏற்று, அதன் பணம் வந்த பிறகு அடுத்ததற்குக் கையெழுத்துப் போடலாம்.